சிறுகதை: எட்டு வருடம் (வாசித்துவிட்டுப் பிழை சொல்லுங்கள்)

லிந்துலை மழை

வணக்கம் எல்லோருக்கும். ஒரு தோட்ட ஆபிஸில் ஆறு வருடம் சின்ன கிளாக்கராக இருந்தேன், இப்போது இல்லை. அங்கே பார்த்த வேலையை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். ஆட்களும் எண்களும் கற்பனை, வேலை கற்பனை இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அந்த இடம் பொய்யாக இருந்தால் மிச்சக் கதையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

காலையில் சாந்தி ஆபிஸுக்குள் வந்தபோது பெரிய கிளாக்கர் ஒரு ஹார்ட் டிஸ்க்கை அவள் மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"புள்ள, எம்பத்தி நாலுல இருந்து உள்ளது எல்லாம் இதுல இருக்கு. ஓடிட்காரவங்க வர இன்னும் பதினெட்டு நாளு. பேரத் தட்டினா பக்கம் வந்து நிக்கணுமாம். தொரை சொல்லிட்டாரு."

உள்ளே 412 பிடிஎஃப். டவுனில் ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் பண்ணியது, scan0001 தொடங்கி வரிசையாக. ஆட்களின் நம்பரும் பெயரும் மாதாமாதம் எழுதும் செக்ரோல் எது, கடிதம் எது, பணிக்கொடைக் கோப்பு எது என்று பெயரை வைத்துச் சொல்ல வழியில்லை. கொழும்பில் வேலை செய்யும் தம்பி போனில் சொல்லச் சொல்ல, ஸ்கேன் படத்தை வாசித்துத் தேடக்கூடிய எழுத்தாக்கும் ocrmypdf என்ற நிரலை இறக்கிப் போட்டாள். பகலில் சம்பள வேலை, இரவில் கம்ப்யூட்டர் தனியாக ஓடும். இரண்டாம் இரவு கரண்ட் போனது. மூன்றாம் இரவு முடிந்து காலையில் பார்த்தால் 412-ம் புதிய கோப்புறையில் இருந்தன, பிழை என்று ஒரு வரி கூட இல்லை. பெரிய கிளாக்கர் சிரித்தார், தேத்தண்ணி வரவழைத்தார்.

ஓடிட்காரர்கள் முன்கூட்டியே அனுப்பியிருந்த முப்பது பெயரில் முதல் பெயர் முனியம்மா. 2019 ஜூன் முடிவில் ஓய்வு. கடைசி நாட்சம்பளம் 700 ரூபாய், வருடத்துக்குப் பதினான்கு நாள், முப்பத்தைந்து வருடம், மொத்தம் 3,43,000 ரூபாய் பணிக்கொடை. காசு கொடுத்த வவுச்சர் உடனே கிடைத்தது. 1992 ஜூனில் புதிய கம்பனி தோட்டத்தை எடுத்தபோது திறந்த பதிவேட்டில் 217-ஆம் நம்பராக அவள் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. Muniamma, Muniyamma, Muniammah என்று மூன்று விதமாகவும் அடித்துப் பார்த்தாள். தமிழிலும் அடித்தாள்.

92-இலிருந்து எண்ணினால் இருபத்தேழு வருடம், 2,64,600 ரூபாய். மிச்சம் 78,400 ரூபாய் எந்தக் காகிதத்தின்பேரில் கொடுக்கப்பட்டது என்று கேட்பார்கள்.

பின்னேரம் லயத்துக்குப் போனாள். முனியம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்பத்தி நாலு சித்திரையில பேரு பதிஞ்சாங்க புள்ள."

"நம்பரு ஞாபகம் இருக்கா பாட்டி?"

முனியம்மா முறத்தை நிறுத்தவில்லை. "நூத்தி நாப்பத்தாறு. பெரட்டுல கணக்கப்பிள்ள கூப்புட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு."

மறுநாள் 1984 ஏப்ரல் செக்ரோலைக் கண்ணால் தேடிப் பிடித்தாள். மையால் எழுதிய பக்கம், 146-க்கு நேரே இருந்த பெயரைப் பூச்சி அரித்திருந்தது, 'Muni' வரைதான் தெரிந்தது. 146-தான் 217 என்று யார் சொல்வது? கம்பனி மாறிய வருடத்தில் யாராவது ஒரு பட்டியல் தட்டச்சுப் பண்ணியிருப்பார்கள். அந்தப் பட்டியல் தேடலில் வரவில்லை. அப்போதுதான் நிரல் எழுதி வைத்த எழுத்துக் கோப்புகளில் ஒன்றைத் திறந்து பார்த்தாள்.

```
[OCR skipped on page(s) 1-9]
```

ஒன்பது பக்கமும் வாசிக்கப்படவே இல்லை. scan0288. திறந்தாள். வெளிறிய நீலக் கார்பன் நகல், பழைய நம்பர், புதிய நம்பர், பெயர். நாலாம் பக்கத்தில் 146, 217, Muniamma. உடனே எல்லாவற்றையும் `--force-ocr` போட்டு மறுபடி ஓடவிட்டாள்.

முடிவு இன்னும் சரியாக வரவில்லை, அதனால் இங்கே நிறுத்தியிருக்கிறேன்.

ஹட்டன் கணினி

கதை நல்லாயிருக்கு அக்கா, முனியம்மா முறத்தை நிறுத்தாமலே நம்பர் சொல்கிற இடத்தைத் திரும்ப வாசித்தேன். ஆனால் தொழில்நுட்பத்தில் ஒரு கேள்வி. அந்த நிரலுக்குள் எழுத்தை வாசிக்கிற டெசராக்டுக்குத் தமிழ் தெரியாதே, தமிழில் தேடினால் வராது என்பது தெரிந்ததுதானே? அதைக் கதையில் ஒரு ஆச்சரியம் மாதிரி வைக்கத் தேவையில்லை. கடைசியில் `--force-ocr` போட்டது சரி. முதல் நாளே அதைப் போட்டிருந்தால் மூன்று இரவு மிச்சம், கதையும் இல்லை.

பசறை மகள்

அக்கா, என் அம்மாவும் 1981-இல் பேர் பதிந்தவர். அவருடைய ஈபிஎஃப் காசில் பழைய வருடங்கள் வரவே இல்லை. நீங்கள் சொல்லும் அந்த டிஸ்க்கில் அம்மாவின் பெயரையும் ஒருமுறை தேடிப் பார்க்க முடியுமா? தோட்டத்தின் பெயரைத் தனியாக அனுப்புகிறேன்.

கண்டி ஸ்கேனர்

நான் பன்னிரண்டு வருடமாகக் காகிதத்தை ஸ்கேன் பண்ணித் தேடக்கூடியதாக மாற்றிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹட்டன் தம்பிக்கு. டெசராக்டுக்குத் தமிழ் தெரியும், தமிழ்த் தரவைத் தனியாக நிறுவ வேண்டும், அவ்வளவுதான். உபுண்டுவில் tesseract-ocr-tam என்று பொதி இருக்கிறது, சிங்களத்துக்கு tesseract-ocr-sin. `tesseract --list-langs` என்று கேட்டால் tam இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அச்சில் வந்த தமிழை, 300 டிபிஐ-இல் நேராக ஸ்கேன் பண்ணியிருந்தால், நன்றாகவே வாசிக்கும். கையெழுத்தை வாசிக்காது. தமிழானாலும் இங்கிலீஷானாலும் மையால் எழுதிய செக்ரோலை அதனிடம் கொடுத்தால் குப்பைதான் வரும். சாந்தி 84 செக்ரோலைக் கண்ணால் தேடியதாக எழுதியிருப்பது சரி, அதை மாற்றாதீர்கள்.

இப்போது பிழைக்கு வருகிறேன். scan0288-இல் ஏன் வாசிக்காமல் விட்டது? கதை அதைச் சொல்லவில்லை. நிரலுக்கு `--skip-text` கொடுத்திருக்கிறாள், அதாவது ஏற்கனவே எழுத்து இருக்கிற பக்கத்தைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறாள். கொடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் கோப்பில் page already has text என்று பிழை காட்டி நின்றிருக்கும், அவளும் முதல் நாளே கவனித்திருப்பாள். அப்படியானால் அந்தக் கார்பன் நகலில் ஏற்கனவே எழுத்து எங்கிருந்து வந்தது? டவுன் கடையின் ஸ்கேனரே இங்கிலீஷில் வாசித்து, படத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றை வைத்திருக்கும். பல மெஷின்கள் கேட்காமலே இதைச் செய்யும். வெளிறிய கார்பனை வாசித்தால் Muniamma என்பது Mun1arnma என்று வந்திருக்கும், m என்பதை r, n என்று இரண்டாகப் பிரிப்பது இதில் அன்றாடம் நடப்பது. ஆகவே பக்கத்தில் எழுத்து இருக்கிறது, ஆனால் தப்பான எழுத்து. நிரல் 'இது முடிந்த வேலை' என்று தாண்டிப் போய்விட்டது. பிழை வரி ஒன்று கூட வராததற்குக் காரணம் இதுதான். கதையில் நீங்கள் வைத்திருக்கும் மிகச் சரியான இடமும் இதுதான், அதைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்.

ஒரு பக்கத்தின் அடியில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்க:

```
pdftotext -f 4 -l 4 scan0288.pdf -
```

நாலாம் பக்கத்தின் எழுத்தைத் திரையில் கொட்டும். சாந்தி இதைச் செய்து Mun1arnma என்ற சொல்லைப் பார்க்கட்டும்.

அப்புறம் `--force-ocr`. அது வேலை செய்யும், ஆனால் அது பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே படமாக ஆக்கிவிட்டுப் புதிதாக வாசிக்கும். நன்றாக இருந்த பக்கமும் மறுபடி படமாகும், கோப்பு பெருக்கும், சில நேரம் தெளிவு குறையும். மறைந்திருக்கும் பழைய அடுக்கை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப வாசிக்க வேறொன்று இருக்கிறது:

```
ocrmypdf -l eng+tam --redo-ocr --sidecar txt/scan0288.txt scan0288.pdf out/scan0288.pdf
```

பக்கம் மறுபடி படமாகாது. ஓடிட்டுக்குப் போகிற கோப்பில் இது முக்கியம். எது எப்படியானாலும் கடை கொடுத்த 412 மூலக் கோப்பையும் தொடாமல் தனியாக வைத்திருக்க வேண்டும், மாற்றியது தேடுவதற்கு மட்டும்.

லிந்துலை மழை

பசறை மகள், மன்னித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. இது கதை, அந்த டிஸ்க் என்னிடம் இல்லை, நான் அந்த வேலையிலும் இல்லை. இன்னொன்று, கதையில் வருவது பணிக்கொடை, உங்கள் அம்மாவுடையது ஈபிஎஃப், இரண்டும் வேறு வேறு. தெரிந்தவர்கள் யாராவது அவருக்கு வழி சொல்லுங்கள்.

கண்டி ஸ்கேனர் அண்ணா, மிக்க நன்றி. உண்மையில் எனக்கும் அதுதான் நடந்தது, ஏன் நடந்தது என்று இன்றைக்குத்தான் புரிகிறது. இன்னொரு சந்தேகம். 2003-க்குப் பிறகு எங்கள் கடிதங்கள் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அவற்றை ஸ்கேன் பண்ணாமல் நேரே பிடிஎஃப் ஆக்கி அதே டிஸ்க்கில் சேர்த்திருந்தார்கள். அவற்றிலும் தமிழில் தேடினால் ஒன்றும் வராது. அதற்கும் இதே `--redo-ocr` தானா?

ஹட்டன் கணினி

சரி அண்ணா, தமிழ்த் தரவு விஷயம் ஒப்புக்கொள்கிறேன், நான் இங்கிலீஷ் மட்டும் நிறுவிவிட்டுத்தான் பேசினேன். பாமினிக்கு நான் சொல்கிறேன்: ஆமாம் அக்கா, அதே `--redo-ocr` போதும், பழைய எழுத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிவிடும்.

கண்டி ஸ்கேனர்

இல்லை தம்பி, இங்கேதான் இரண்டும் பிரியும். `--redo-ocr` எடுப்பது கண்ணுக்குத் தெரியாத அடுக்கைத்தான். பாமினிக் கடிதத்தில் எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, அதுவே கடிதம். அதனால் அதை உண்மையான எழுத்து என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும். ஆனால் உள்ளே இருப்பது தமிழ் அல்ல, இங்கிலீஷ் எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டிருக்கிறார்கள். சம்பளம் என்று திரையில் தெரிகிற சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்:

```
rk;gsk;
```

இப்படி வரும். தேடுபெட்டியில் சம்பளம் என்று யுனிகோடில் அடித்தால் எப்படிக் கிடைக்கும்? `pdffonts` என்று கோப்பைக் கேட்டால் பட்டியலில் Bamini என்ற பெயர் பெரும்பாலும் தெரியும், அந்தக் கோப்புகளை மட்டும் ஒதுக்கி அவற்றுக்கு `--force-ocr` போடலாம், அங்கே அது பொருத்தம். அல்லது எழுத்தை வெளியே எடுத்து பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றி, தேடுவதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், வாசிப்புப் பிழையே வராது. அவசரமென்றால் தேடுபெட்டியில் நேரே rk;gsk; என்று அடித்தாலும் வந்து நிற்கும்.

முன்னாள் பெரிய கிளாக்கர்

நான் நுவரெலியாப் பக்கம் முப்பத்தொரு வருடம் ஆபிஸில் இருந்தவன். மகள் இந்த இழையைக் காட்டினாள். கம்ப்யூட்டர் சங்கதி எனக்குத் தெரியாது, நம்பர் சங்கதி தெரியும்.

கதையில் ஒரு குறை இருக்கிறது பிள்ளை. செக்ரோல் நம்பர் ஆளோடு பிறந்தது அல்ல. எங்கள் தோட்டத்தில் ஒருவர் பேரை வெட்டிக்கொண்டு போனால் அந்த நம்பரை அடுத்து வருபவருக்குக் கொடுப்போம். 84-இல் 146 ஒருத்தி, 88-இல் 146 இன்னொருத்தியாக இருக்கலாம். 84 ஏப்ரலில் பாதிப் பெயர், 92 ஜூனில் பட்டியல், நடுவில் எட்டு வருடம் சும்மா இருக்கிறது. ஓடிட்டர் நல்ல ஆளாக இருந்தால் "நடுவில் எங்கே?" என்று கேட்பார். நான் கேட்பேன். ஒவ்வொரு வருடமும் ஒரு மாதச் செக்ரோலையாவது எடுத்து 146-க்கு நேரே அதே பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகப்பன் பெயர் எழுதியிருந்தால் இன்னும் நல்லது, ஒரே தோட்டத்தில் நாலைந்து முனியம்மா இருப்பார்கள்.

பசறைப் பிள்ளைக்கு: ஈபிஎஃப் காசு மத்திய வங்கியில் இருக்கிறது, உரிமை கோருவது தொழில் திணைக்களத்தின் வழியாக. அம்மாவின் அங்கத்துவ நம்பரோடு பக்கத்துத் தொழில் காரியாலயத்துக்குப் போங்கள். பழைய சம்பளத் துண்டு எது இருந்தாலும் எறியாதீர்கள்.

வாசகன் மடுல்சீமை

எனக்கு ஓசிஆர் எதுவும் விளங்கவில்லை, ஆனால் கதை விளங்கியது. ஒரு விமர்சனம். கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காததை முனியம்மாவின் காது கண்டுபிடித்தது, அதோடு கதையை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் scan0288 எல்லாம் பாரம். வாசகர் கண்ணில் தண்ணீர் வந்த இடத்தில் கட்டளை வரி எதற்கு?

லிந்துலை மழை

மடுல்சீமை அண்ணா, அதை நான் யோசித்தேன், ஏற்க முடியவில்லை. முனியம்மாவின் ஞாபகத்தை ஓடிட்டர் கோப்பில் போட முடியாது. அவர் சொன்ன நம்பரைக் காகிதத்தில் காட்டினால்தான் அந்த எட்டு வருடம் நிற்கும். அந்தக் காகிதம் ஆபிஸிலேயே இருந்தும் தேடலில் வராமல் கிடந்தது. அதைத்தான் நான் எழுத வந்தேன்.

பெரிய கிளாக்கர் ஐயா, நீங்கள் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. நானும் நம்பரை நம்பித்தான் வேலை செய்தேன். ஆனால் கையெழுத்துச் செக்ரோல் 84 ஏப்ரலிலிருந்து 92 மே வரை தொண்ணூற்றெட்டு மாதம், மாதத்துக்கு இருபது பக்கம் என்றால் ஏறக்குறைய இரண்டாயிரம் பக்கம். மீதிப் பத்து நாளில் ஒரு சின்ன கிளாக்கர் எப்படிப் பார்ப்பாள்?

கண்டி ஸ்கேனர்

எல்லாப் பக்கத்தையும் தட்டச்சுப் பண்ணத் தேவையில்லை. எந்த மாதம் எந்தக் கோப்பில், நம்பர் எதிலிருந்து எதுவரை எந்தப் பக்கத்தில் என்று மட்டும் ஒரு அட்டவணை போடட்டும். நம்பர்கள் வரிசையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் நம்பரும் கடைசி நம்பரும் பார்த்தால் போதும். பழகிய கிளாக்கருக்குப் பக்கத்துக்கு அரை நிமிடம், இரண்டாயிரம் பக்கம் பதினாறு, பதினேழு மணித்தியாலம். அதன் பிறகு எந்த ஆளைக் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் பக்கம் கையில். கையெழுத்துக் கோப்பைத் தேடக்கூடியதாக ஆக்குவது என்றால் நடைமுறையில் இதுதான்.

தட்டச்சுப் பக்கங்களில் நம்பரைத் தேடும்போது ஒரு கவனம். 146 என்பதை l46 என்றோ I46 என்றோ வாசித்திருக்கும். அதனால் எழுத்துக் கோப்புகளில் இப்படித் தேடச் சொல்லுங்கள்:

```
grep -n "[1lI]46" txt/*.txt
```

முடித்தாயிற்று என்று சொல்லுமுன் இருபது பக்கத்தைக் கண்ணால் பார்த்து, அதில் உள்ள ஒரு பெயரையோ நம்பரையோ தாளில் எழுதி, பிறகு தேடிப் பார்க்க வேண்டும். இருபதில் எத்தனை வந்தது என்பதுதான் கணக்கு. சாந்தி பார்த்தது 412 கோப்பும் வந்ததா என்று மட்டும்.

முன்னாள் பெரிய கிளாக்கர்

அட்டவணை யோசனை சரி. எங்கள் காலத்திலும் செக்ரோல் கட்டு முன்பக்கத்தில் பென்சிலால் அப்படி எழுதி வைப்போம். ஆனாலும் பூச்சி அரித்த பக்கத்துக்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பதில் இல்லை. 85, 86 பக்கங்களில் முழுப் பெயர் இருந்தால் நான் ஏற்பேன். இன்னொரு ஓடிட்டர் ஏற்பாரா, சொல்ல முடியாது.

ஹட்டன் கணினி

அப்படியானால் 84 ஏப்ரல் நிற்காமல் 85 மட்டும் நின்றால் ஒரு வருடம், 9,800 ரூபாய் கேள்விக்கு வரும். கதையில் அதை அப்படியே விடலாம் அக்கா.

லிந்துலை மழை

மாற்றி எழுதியதைப் போடுகிறேன். நடுப் பகுதியில் pdftotext வருகிறது, `--force-ocr` போய்விட்டது. கடைசிப் பகுதி இது:

ஓடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பட்டியலின் நாலாம் பக்கத்தையும், 85 முதல் 92 வரை வருடத்துக்கு ஒன்றாக எட்டுச் செக்ரோல் பக்கத்தையும் சாந்தி வரிசையாக அடுக்கியிருந்தாள். எட்டிலும் 146-க்கு நேரே அதே பெயர், அதே தகப்பன் பெயர். அவர் ஒவ்வொன்றிலும் பென்சிலால் சின்னச் சரி போட்டார். ஒன்பதாவதாக 84 ஏப்ரல் பக்கத்தை நகர்த்தினாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், பூச்சி அரித்த ஓட்டை வழியாக ஜன்னலுக்கு வெளியே இருந்த தேயிலை தெரிந்தது.

"இதுக்கு மேல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல சேர்."

அந்த வரிக்கு நேரே மட்டும் அவர் ஒரு கேள்விக்குறி போட்டார்.

பசறை மகள்

அக்கா, நேற்று ராத்திரி அம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். 1986 என்று போட்ட சம்பளத் துண்டு ஒன்று இருக்கிறது, நாலாக மடித்தது, மேலே 63 என்று நம்பர். மறுபக்கம் மை படர்ந்து போயிருக்கிறது. இதை எப்படி ஸ்கேன் பண்ணுவது, மடிப்பை விரித்தால் கிழியுமா?

கண்டி ஸ்கேனர்

நீங்கள் விரிக்காதீர்கள். தாள் ஊட்டுகிற மெஷினில் போடவே வேண்டாம், கண்ணாடித் தட்டு உள்ள ஸ்கேனர்தான் வேண்டும். மறுபக்கத்து மை தெரியாமலிருக்கப் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைக்க வேண்டும். கண்டிக்கு வருவதானால் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம்.